காந்தாரம் இல்லாத கார்டு

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிய புதிதில் அநேகமாக எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். ஆம்பில் டிஸ்டார்ஷனை ஏற்றி வைத்துவிட்டு, அக்கூஸ்டிக் கிட்டாரில் பழகிய ஜி மேஜர் கார்டை ஆறு கம்பியும் அதிர ஓங்கி அடிப்பார்கள். ராக் பாடல்களில் கேட்ட அந்தக் கம்பீரமான உறுமல் வராது. எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு கலங்கல் இரைச்சல்தான் வரும். பெடலில் கோளாறு, ஆம்ப் மட்டம் என்று பழி எங்கெங்கோ போகும். அதே ஆம்பில், அதே டிஸ்டார்ஷனில், தடித்த கம்பிகளில் இரண்டே விரலை வைத்து, மற்ற கம்பிகளைச் சத்தம் வராமல் அடக்கிவிட்டு அடித்துப் பார்த்தால் உறுமல் வந்துவிடும். அந்த இரண்டு விரல் பிடிக்குத்தான் பவர் கார்ட் என்று பெயர்.

முழுக் கார்டு பிடிக்க வராதவர்களின் குறுக்குவழி இது என்று ஏளனமாகச் சொல்லும் கிட்டார் வாத்தியார்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பவர் கார்டில் விட்டுப்போன சுரம் ஒன்று உண்டு, உண்மைதான். ஆனால் டிஸ்டார்ஷன், வந்த ஒலியைச் சத்தமாக்கி வெளியே அனுப்புவதோடு நிற்பதில்லை. தன் பங்குக்குப் புதிய சுரங்களையும் சேர்க்கிறது. நாம் குறைவாக வாசித்தால் அது சேர்ப்பது நன்றாக இருக்கும். நிறைய வாசித்தால் அது சேர்ப்பதே இரைச்சல் ஆகிவிடும். ஏன் என்று பார்க்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். பள்ளிக்கூடத்துக் கூட்டல் கழித்தலே போதும்.

முதலில் கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மேஜர் கார்டு என்பது நம் கணக்கில் ச, அந்தர காந்தாரம், ப என்ற மூன்று சுரங்களும் ஒன்றாக ஒலிப்பது. அந்தர காந்தாரத்தை எடுத்துவிட்டுச் சாதாரண காந்தாரத்தை வைத்தால் அது மைனர் கார்டு. ஆக மேஜரா மைனரா, மகிழ்ச்சியா சோகமா என்று தீர்மானிப்பது காந்தாரம் ஒன்றுதான். பவர் கார்டில் அந்தக் காந்தாரம் கிடையாது. சவும் பவும் மட்டும். பெரும்பாலும் அவற்றோடு மேல் ஸ்தாயிச் ச ஒன்றும் சேர்ந்துகொள்ளும். ஜி மேஜர் கார்டில் ஜி, பி, டி என்று மூன்று சுரங்கள் இருக்கின்றன. ஜி பவர் கார்டில் ஜியும் டியும்தான். பாட்டுப் புத்தகங்களில் இதை ஜி 5 என்று எழுதுவார்கள்.

இனி ஒலிக்கு வருவோம். கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி, நொடிக்கு 98 முறை அதிர்கிறது. அதன் பஞ்சமமான டி, நொடிக்கு ஏறத்தாழ 147 முறை. இரண்டுக்கும் உள்ள விகிதம் இரண்டுக்கு மூன்று. தம்புராவில் சவுக்கும் பவுக்கும் உள்ள அதே விகிதம். டிஸ்டார்ஷன் இல்லாத ஆம்பில் இந்த இரண்டையும் சேர்த்து அடித்தால் 98ம் 147ம், அவற்றின் இயல்பான மேற்சுரங்களும் வெளியே வரும். ஆம்ப் தானாக எதையும் சேர்க்காது. ஒன்றின் இருப்பு மற்றதைப் பாதிக்கவும் செய்யாது.

டிஸ்டார்ஷனில் கதை வேறு. ஆம்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு; அதற்கு மேல் வரும் அலையின் தலையை அது வெட்டிவிடும். ஒரே ஒரு சுரம் வாசித்தால் இதனால் பெரிய பாதகம் இல்லை. தலை வெட்டப்பட்ட 98லிருந்து 196, 294, 392 என்று அதன் மடங்குகள் இன்னும் பலமாகக் கிளம்பும். எல்லாம் அந்தச் சுரத்தின் குடும்பம்தான், அதனால் குரல் தடிக்குமே தவிர அபஸ்வரம் வராது. இரண்டு சுரங்கள் சேர்ந்து வரும்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. இரண்டு அலைகளும் ஒரே கணத்தில் உயர்ந்தால் உச்சவரம்பை மீறும், வெட்டு விழும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் தப்பித்துவிடும். அதாவது ஒரு சுரம் எவ்வளவு வெட்டப்படும் என்பதை இன்னொரு சுரம் தீர்மானிக்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றை ஆட்டிவைப்பதால், இரண்டின் கூட்டலாகவும் கழித்தலாகவும் புதிய சுரங்கள் பிறக்கின்றன. யாரும் வாசிக்காத சுரங்கள் அவை.

ஜியையும் டியையும் வைத்தே கணக்குப் போடுவோம். 147லிருந்து 98ஐக் கழித்தால் 49. அது என்ன சுரம்? 98இன் சரிபாதி, அதாவது கீழ் ஸ்தாயி ஜி. ஆறு கம்பிக் கிட்டாரில் சாதாரணச் சுருதியில் எந்தக் கம்பியிலும் கிடைக்காத மந்திர ஜி. கூட்டினால் 245. அது 49இன் ஐந்து மடங்கு, ஏறத்தாழ பி என்ற சுரம். ஜிக்கு பி என்ன உறவு? அந்தர காந்தாரம்! நாம் வேண்டாமென்று விட்ட சுரத்தை ஆம்பே மெல்லிய குரலில் போட்டுக்கொடுக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாகக் கேட்பதைச் சுயம்பு காந்தாரம் என்று பாட்டுக்காரர்கள் சொல்வார்கள். தம்புராவில் அது கம்பியின் ஐந்தாவது மேற்சுரத்திலிருந்து வருகிறது. இங்கே ஆம்பின் வெட்டும் அதே ஐந்தாம் மடங்கில் வந்து நிற்கிறது.

மேற்கொண்டு எவ்வளவு கூட்டிக் கழித்தாலும் விடை 49இன் ஏதோ ஒரு மடங்காகத்தான் இருக்கும். வரிசை கலையாது. பவர் கார்ட் டிஸ்டார்ஷனில் கலங்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு சந்தேகம் எழலாம். சாதாரணக் கிட்டார் ஸ்பீக்கர் நொடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே போனால் திணறும். 49ஐ அது எப்படி ஒலிக்கும்? உண்மையில் பெரிதாக ஒலிக்காது. ஆனால் 98, 147, 196, 245 என்று 49 இடைவெளியில் சுரங்கள் வரிசையாக வந்தால், அவற்றின் அடியில் 49 இருப்பதாகக் காதே எடுத்துக்கொள்ளும். இரண்டு கம்பியில் வாசித்தது ஒரு பெரிய வாத்தியத்தின் ஒரே குரல் போலக் கேட்பது இதனால்தான்.

இப்போது காந்தாரத்தையும் நாமே வாசித்துப் பார்ப்போம். ஜி 98, டி 147, நடுவில் பி. சுத்தமான விகிதப்படி பி 122.5ஆக இருக்க வேண்டும். ஆனால் கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டிப் பதிக்கப்பட்டவை. அந்தக் கணக்கில் பி கிட்டத்தட்ட 123.5க்கு வந்துவிடுகிறது. ஒரே ஓர் அதிர்வுதான் கூடுதல். டிஸ்டார்ஷன் இல்லாமல் வாசித்தால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். வெட்டு விழுந்தால்? ஜிக்கும் பிக்கும் வித்தியாசம் 25.5. பிக்கும் டிக்கும் வித்தியாசம் 23.5. ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டும் இரண்டு அதிர்வு தள்ளி நிற்கின்றன. இவை ஒன்றோடொன்று மோதி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்குகின்றன. இதைத்தான் இயற்பியல் பாடத்தில் விம்மல்கள் என்று படித்தோம். மூன்று சுரத்துக்கே இப்படி. ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்கும்போது பதினைந்து ஜோடிகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஜோடியும் தன் பங்குக்குக் குட்டி போடும். அந்தக் கூட்டம்தான் நாம் கேட்ட கலங்கல்.

பஞ்சமத்துக்கு மட்டும் இந்தச் சமபங்கு வெட்டு கருணை காட்டியிருக்கிறது. ஃப்ரெட்டில் கிடைக்கும் டி, சுத்தமான 147ஐவிட ஒரு மயிரிழைதான் குறைவு. அதில் வரும் விம்மல் மூன்று நொடிக்கு ஒரு முறை மெதுவாக மூச்சுவிடுவது போல வந்து போகும், இடைஞ்சல் செய்யாது. மைனர் கார்டின் நிலை மேஜரைவிட மோசம். அதன் காந்தாரம் 116.5. அதை இரட்டித்து டியைக் கழித்தால் 86 என்று ஒன்று வருகிறது. அது ஜியும் இல்லை, டியும் இல்லை, கார்டில் இருக்கும் எதுவுமே இல்லை.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு சாட்சி: குயின் குழுவின் பிரையன் மே. அவருடைய பதிவுகளில் டிஸ்டார்ஷன் ஏறிய கிட்டார்கள் காந்தாரத்தோடு சேர்ந்து முழு ஹார்மனி பாடும், கலங்கவே கலங்காது. 1974இல் வந்த ‘கில்லர் குயின்’ பாடலில் கேட்கலாம். ரகசியம் என்னவென்றால், அவர் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வாசித்துப் பதிவுசெய்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார். ஒவ்வொன்றும் தனியாக ஆம்புக்குள் போய் வெட்டுப்பட்டு வந்ததால், ஒன்று மற்றதை ஆட்டிவைக்க வழியே இல்லாமல் போயிற்று. மூன்றும் ஒரே ஆம்புக்குள் ஒன்றாகப் போனால்தான் வில்லங்கம். இன்னொரு வழியும் உண்டு: டிஸ்டார்ஷனைக் குறைத்துக்கொள்வது. ஏசி/டிசி குழுவின் மால்கம் யங் முழு ஓப்பன் கார்டுகளையே அடித்தார். அவருடைய ஆம்பில் டிஸ்டார்ஷன் நாம் நினைப்பதைவிடக் குறைவு.

டிஸ்டார்ஷன் பவர் கார்டுக்குச் செய்யும் இன்னோர் உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். அலையின் தலை வெட்டப்படுவதால், ஓங்கி அடித்த தொடக்கமும் சற்று ஓய்ந்த பின்னான ஒலியும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும். சத்தம் உடனே செத்துப்போகாமல் நீண்டு நிற்கும். ஒரு முறை அடித்துவிட்டுக் கையை நெக்கில் நகர்த்தினாலும் ஒலி கூடவே வருவது இதனால்தான். நகர்த்துவதற்கு வருவோம், அதற்கு முன்னால் ஒரு பாட்டு வேண்டும்.

1964இல் லண்டனில் தி கிங்க்ஸ் என்ற குழு ‘யூ ரியலி காட் மீ’ என்ற பாடலைப் பதிவுசெய்தது. எழுதியவர் ரே டேவிஸ். கிட்டார் வாசித்தவர் அவருடைய தம்பி டேவ் டேவிஸ், அப்போது வயது 17. டேவிடம் எல்பிகோ என்ற சின்ன ஆம்ப் ஒன்று இருந்தது. அதன் ஒலி பிடிக்காமல் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் கீறிவிட்டார். கிழிந்த காகிதம் படபடத்து, கரகரப்பான ஒரு குரல் வந்தது. அந்தக் குட்டி ஆம்பை வாக்ஸ் ஏசி30 என்ற பெரிய ஆம்போடு இணைத்து வாசித்தார். கடைகளில் டிஸ்டார்ஷன் பெடல்கள் சாதாரணமாகக் கிடைக்காத காலம் அது. அமெரிக்காவில் லிங்க் ரே என்பவர் 1958இலேயே ‘ரம்பிள்’ என்ற வாத்திய இசைக்காக ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டிருந்தார். கிங்க்ஸின் பாட்டு ஆகஸ்டில் வெளியாகி, செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போயிற்று.

நமக்கு முக்கியம் அதன் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னச் சங்கதி. எஃப், ஜி, ஜி, எஃப், ஜி. ஐந்து அடி, இரண்டே கார்டு. சற்று நேரம் கழித்து இதே ரிஃப் ஒரு படி ஏறி ஜியும் ஏயும் ஆகிறது. பிறகு இன்னும் மேலே தாவி சியும் டியும் ஆகிறது. ரிஃபின் நடை மாறவில்லை, இடம்தான் மாறுகிறது. பவர் கார்ட் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கைவடிவத்தைப் பார்ப்போம். கிட்டாரின் ஆறாவது கம்பி, தடித்தது, ஈ சுருதி. அடுத்தது ஏ, அதற்கடுத்தது டி, பிறகு ஜி. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே ஐந்து ஃப்ரெட் வித்தியாசம். பஞ்சமம் என்பது ஏழு ஃப்ரெட் தூரம். ஒரு கம்பி தள்ளி வந்தாலே ஐந்து கிடைத்துவிடுகிறது, மீதி இரண்டுதான். ஆகவே சுட்டுவிரலை ஆறாவது கம்பியில் ஏதோ ஒரு ஃப்ரெட்டில் வைத்தால், மோதிர விரல் ஐந்தாவது கம்பியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி வர வேண்டும். மேல் ஸ்தாயிச் சவும் வேண்டுமென்றால் சுண்டுவிரலை நான்காவது கம்பியில் மோதிர விரலுக்கு நேர் கீழே அதே ஃப்ரெட்டில் வைக்கலாம். அவ்வளவுதான் வடிவம். கார்டின் பெயர் சுட்டுவிரல் நிற்கும் சுரத்தின் பெயர்.

இந்த வடிவத்தில் காலிக் கம்பி எதுவும் ஒலிப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சாதாரண ஜி மேஜரில் நடுக்கம்பிகள் அழுத்தாமலே ஒலிக்கும். அதைப் பிடித்த கையை இரண்டு ஃப்ரெட் நகர்த்தினால் விரல் வைத்த சுரங்கள் ஏறும், காலிக் கம்பிகள் இருந்த இடத்திலேயே நிற்கும், கார்டு குலைந்துவிடும். பவர் கார்டில் ஒலிக்கும் எல்லாமே விரலுக்கு அடியில் இருப்பதால், கை நகர்ந்தால் எல்லாம் ஒரே அளவில் நகரும். இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் எந்த ஃப்ரெட்டிலும் மாறாது. டிஸ்டார்ஷன் சேர்க்கும் புதிய சுரங்களும் அந்த விகிதத்தையே பின்தொடர்ந்து கூட நகரும்.

கிங்க்ஸ் ரிஃபை இப்போது வைத்துப் பார்க்கலாம். ஆறாவது கம்பியில் முதல் ஃப்ரெட் எஃப், மூன்றாவது ஜி. சுட்டுவிரல் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகிறது, மோதிர விரல் மூன்றிலிருந்து ஐந்துக்கு. அடுத்த கட்டமான ஜியும் ஏயும் மூன்றிலும் ஐந்திலும். கடைசிக் கட்டமான சியையும் டியையும் இரண்டு விதமாக எடுக்கலாம். அதே கம்பியில் மேலே ஏறி எட்டிலும் பத்திலும் வாசிக்கலாம். அல்லது மூன்றிலும் ஐந்திலுமே நின்றுகொண்டு, வடிவம் முழுவதையும் ஒரு கம்பி கீழே இறக்கிச் சுட்டுவிரலை ஐந்தாவது கம்பியில் வைக்கலாம். அந்தக் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் சி, ஐந்தாவது டி. சுரங்கள் இரண்டிலும் ஒன்றே. குரலில் மட்டும் சிறு வித்தியாசம் இருக்கும்: தடித்த கம்பியில் மேலே ஏறி வாசித்தால் சற்று மந்தமாகவும் கனமாகவும், ஐந்தாவது கம்பியில் வாசித்தால் சற்றுப் பளிச்சென்றும் கேட்கும்.

கை நகர்த்துவதில் புதியவர்களைத் தடுமாற வைப்பது ஃப்ரெட்டுகளின் இடைவெளி. அது நெக் முழுவதும் ஒரே அளவு இல்லை. மேலே போகப் போகக் குறுகும். கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் உள்ள ஃபெண்டர் வகைக் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஏறக்குறைய 6.7 சென்டிமீட்டர். எட்டாவதுக்கும் பத்தாவதுக்கும் இடையே 4.5 சென்டிமீட்டர்தான். வடிவம் ஒன்றே என்றாலும் விரல்கள் போகும் வழியில் நெருங்கிக்கொள்ள வேண்டும். முதல் ஃப்ரெட்டில் பிடித்த விரிப்போடு அப்படியே பத்துக்குப் போனால் மோதிர விரல் ஃப்ரெட்டைத் தாண்டிப்போய் வேறு சுரத்தில் விழும். கண் எப்போதும் சுட்டுவிரல் போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும். நெக்கில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு ஃப்ரெட்டுகளில் புள்ளி வைத்திருப்பது இதற்காகத்தான். முதல் புள்ளி ஜி, இரண்டாவது ஏ என்று ஆறாவது கம்பியில் மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நகர்த்துவது இரண்டு விதம். ஒன்று, அழுத்தம் குறையாமல் இழுப்பது. எஃபில் அடித்துவிட்டு, ஒலி நிற்பதற்குள் ஜிக்கு வழுக்கிப் போவது. இடையிலுள்ள சுரம் படிபோலக் கேட்கும், டிஸ்டார்ஷனில் இது அழகு. மற்றது, சத்தமில்லாமல் போவது. விரலைக் கம்பியிலிருந்து முழுதாக எடுக்காமல், ஃப்ரெட்டில் படாத அளவுக்கு அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, தொட்டபடியே நகர்ந்து, சேர வேண்டிய இடத்தில் மறுபடி அழுத்த வேண்டும். விரலை முழுதாக எடுத்தால் காலிக் கம்பி ‘ஙொய்ங்’ என்று தானாக ஒலிக்கும், டிஸ்டார்ஷன் அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கட்டைவிரல் நெக்கின் பின்னால் இறுகப் பிடித்திருந்தால் இரண்டு விதமும் வராது. அது வெறுமனே சாய்ந்துகொண்டு கையோடு கூடவே வர வேண்டும்.

வடிவம் எளிது என்பதால் தவறே வராது என்று நினைக்க வேண்டாம். அதிகம் கேட்கும் குறை, வேண்டாத கம்பிகள் ஒலிப்பது. சுட்டுவிரலின் நுனிதான் கார்டின் அடிச்சுரத்தை அழுத்துகிறது. விரலின் மீதிப் பகுதி கீழேயுள்ள மெல்லிய கம்பிகளின்மேல் லேசாகப் படிந்து கிடக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும், வாயடைத்துவிடும். வடிவம் ஐந்தாவது கம்பிக்கு இறங்கும்போது சுட்டுவிரல் நுனி ஒரு சிறிது மேலே எட்டி ஆறாவது கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: கார்டைப் பிடித்துக்கொண்டு ஆறு கம்பியையும் வேண்டுமென்றே அடியுங்கள். பிடித்த சுரங்களும் மற்றவற்றிலிருந்து மொட்டையான ‘டக்’ ஒலியும் மட்டும் கேட்டால் சரி.

அடுத்தது சுருதி. சுண்டுவிரலையும் மோதிர விரலையும் பயந்து இறுக்கும்போது கம்பி ஃப்ரெட்டின்மேல் வளைந்து, பஞ்சமம் ஏறிவிடும். டிஸ்டார்ஷன் இல்லாமல் இது தெரியாது. டிஸ்டார்ஷனில் ‘வவ் வவ்’ என்று விம்மலாகக் கேட்கும். ஜி 5ஐ ஒரு முறை அடித்துவிட்டுக் கையை அசைக்காமல் கேளுங்கள். மூன்று நொடிக்கு ஒரு முறை மெல்ல ஏறி இறங்கினால் அது ஃப்ரெட்டின் இயல்பு. நொடிக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் தவறு உங்களிடமோ கிட்டாரிலோ இருக்கிறது. காலிக் கம்பிகளை ட்யூனரில் சரிபார்த்த பிறகும் வந்தால் விரலின் அழுத்தம். அழுத்தத்தைக் குறைத்தும், கீழே சரியாக இருந்து மேலே ஏற ஏற விம்மல் வேகமெடுத்தால் பிரிட்ஜில் கம்பியின் நீளம் சரியில்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்திக் கேட்கும் சுரமும் அதே கம்பியைக் காலியாக அடித்துக் கேட்கும் சுரத்தின் மேல் ஸ்தாயியும் ட்யூனரில் பொருந்தவில்லையென்றால் கிட்டாரைச் சரிசெய்பவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

இந்த வடிவம் எல்லாக் கம்பிகளிலும் செல்லாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜி கம்பிக்கும் அடுத்த பி கம்பிக்கும் இடையே ஐந்துக்குப் பதில் நான்கு ஃப்ரெட் வித்தியாசம்தான். அடிச்சுரம் நான்காவது கம்பியில் இருந்தால் மேல் ஸ்தாயிச் ச மூன்று ஃப்ரெட் தள்ளிப் போகும். நடைமுறையில் பவர் கார்டுகள் பெரும்பாலும் ஆறாவது, ஐந்தாவது கம்பிகளிலேயே வாழ்கின்றன, அதனால் இது அதிகம் தொல்லை செய்வதில்லை. நிர்வாணா குழுவின் ‘ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்’ பாடலின் நான்கு கார்டுகளையும் அந்த இரண்டு கம்பிகளிலும் முதல் ஃப்ரெட், நான்காவது ஃப்ரெட் என்ற இரண்டே இடங்களில் நின்று வாசித்துவிடலாம். முதலில் எஃப், அப்படியே கம்பி மாறி பி ஃப்ளாட், பிறகு நான்காவதுக்கு ஏறி ஏ ஃப்ளாட், மறுபடி கம்பி மாறி டி ஃப்ளாட்.

தலைகீழ் பவர் கார்டு ஒன்றும் இருக்கிறது. பஞ்சமத்தைக் கீழேயும் சவை மேலேயும் வைப்பது. டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ ரிஃப் இப்படிப்பட்டது. டி, ஜி என்ற இரண்டு கம்பிகளையும் காலியாக ஒலிக்க விட்டே தொடங்கலாம், அதன்பின் ஒரே விரலைக் குறுக்கே வைத்து நகர்த்தினால் போதும். கணக்கு இங்கேயும் வேலை செய்கிறது. டி 147, ஜி 196. கழித்தால் அதே 49. கீழே டி ஒலித்தாலும் கார்டின் சொந்தக்காரர் ஜி என்று காதுக்குத் தெரிவது அந்த 49ஆல்தான்.

காந்தாரம் இல்லாததால் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது: கார்டு தன் மனநிலையைத் தானே சொல்லாது, பாடகரும் பேஸ் கிட்டாரும்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ஜி 5 பிடித்திருக்கும்போது பேஸ் வாசிப்பவர் ஈக்கு இறங்கினால் முழுக் குழுவும் ஈ மைனரின் சாயலுக்குப் போய்விடும், உங்கள் விரல் அசைந்திருக்காது. ஆகவே தனியாக உட்கார்ந்து, கார்டுகளை நம்பியே பாடுகிற பாட்டுக்குப் பவர் கார்ட் சரிப்படாது. குழுவோடு, டிஸ்டார்ஷனோடு வாசிக்கும்போதுதான் அது பலம்.

வீட்டில் பழகத் தொடங்குகிறவர்கள் கெயின் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். ராக் பதிவுகளில் கேட்கும் அந்தக் கனம், பெரும்பாலும் ஒரே ரிஃபை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடதிலும் வலதிலுமாக வைத்ததால் வந்தது. குமிழை முழுதாகத் திருப்பினாலும் ஒற்றைக் கிட்டாரில் அது வராது.